கண்ணகி சுயநலக்காரியா?

கொழும்பு 6
வைகாசி

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை தொடங்கிவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் கோயில்களில் இப்போது கதவு திறந்திருப்பார்கள். அந்த அம்மனைத்தான் நீ, ஒரு புருசனுக்காக ஒரு ஊரையே எரித்த சுயநலக்காரி என்று எழுதியிருக்கிறாய்.

நான் ஒப்பவில்லை. ஆனாலும் உன் கட்சிக்கு நீ காட்டியதைவிட வலுவான சான்று இருக்கிறது. அதையே முதலில் எடுக்கிறேன். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது. அரசியின் சிலம்பிலோ முத்து. பாண்டியன் அந்த இடத்திலேயே உயிர்விடுகிறான். "பட்டாங்கு யானும்ஓர் பத்தினியே ஆமாகில் ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்" என்ற சூளுரை அதற்குப் பிறகு, அடுத்து வரும் வஞ்சின மாலையில்தான் வருகிறது. நீதி கிடைத்த பின் நெருப்பு எதற்கு? தன்னையே முன்னிறுத்தும் அந்த "யானும்" என்ற சொல்லை நீ பிடித்திருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன்.

இதற்கு விடை அரண்மனையில் இல்லை, தெருவில் இருக்கிறது. ஊர்சூழ் வரியைத் திரும்பப் படி. அரசனிடம் போகுமுன் அவள் கேட்பது, இந்த ஊரில் பெண்டிரும் உண்டுகொல், சான்றோரும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல் என்று. வழக்கு தொடக்கத்திலேயே ஊர்மேலும்தான். அரசன் தன் தண்டனையைத் தானே ஏற்றுக்கொண்டான். ஊர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கோபத்திலும் அக்கினியிடம் அவள் எல்லை வகுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேர்க. தன் துயரம் மட்டுமே பெரிதென்று நினைத்தவளுக்கு அந்த நேரத்தில் பசுவும் கிழவர்களும் நினைவுக்கு வருவார்களா, மச்சான்?

ஆனால் அழற்படு காதையில் எனக்கு நெஞ்சு கனக்கும் ஓர் இடம் உண்டு. பஞ்சு மெத்தையில் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு, நரைத்த கிழவிகளோடு தாய்மார் வெளியேறுகிறார்கள். உயிர் தப்பினார்கள், வீடு? விலக்குப் பட்டியல் அதைக் காப்பாற்றவில்லை. இங்கே உன் பக்கம் நியாயம் இருக்கிறது. இளங்கோவும் இதை உணர்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அதனால்தான் அதே காதையில் மதுரையின் இல்லத்தரசிகள் வாயாலேயே "கொங்கைப் பூசல் கொடிதோ அன்று", அவள் மார்பைத் திருகி எறிந்து செய்த பூசல் கொடியதல்ல, என்று தீர்ப்புச் சொல்ல வைக்கிறார். கொடுமையா என்ற கேள்வி எழாத இடத்தில் யாரும் இப்படி மறுக்கமாட்டார்கள்.

வாழ்த்துக் காதையில் அவளே "தென்னவன் தீதிலன்" என்கிறாள், தன்னை அவன் மகள் என்றும் சொல்கிறாள். பகையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் ஊர்ச்சனமும் அவளைச் சாந்தமானவள் என்று சொன்னதில்லை. சூடு தணியட்டும் என்றுதானே குளிர்த்தி பாடுகிறார்கள். கோபக்காரி என்று சொல், கையெழுத்துப் போடுகிறேன். சுயநலக்காரி என்றால் ஊர்சூழ் வரிக்குப் பதில் எழுது.

குளிர்த்தி முடிந்ததும் உன் கடிதத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி