பில் 212, 239: ₹1,64,640 நிலுவை, பிப்ரவரி 10-க்குள் முதல் தொகை வேண்டும்

திருப்பூர், 3 பிப்ரவரி 2025

ஐயா, வணக்கம்.

உங்கள் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிய 5 பிளை அட்டைப்பெட்டிகளுக்கான இரண்டு பில்கள் இன்னும் வரவாகவில்லை. நவம்பர் 18 தேதியிட்ட பில் 212-க்கு (2,000 பெட்டி) ஜிஎஸ்டியோடு ₹94,080. டிசம்பர் 6 தேதியிட்ட பில் 239-க்கு (1,500 பெட்டி) ₹70,560. உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் 30 நாள் கெடு என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் முதல் பில் 47 நாளும், இரண்டாவது 29 நாளும் தாண்டிவிட்டன.

பில் உங்கள் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேராமல் ஸ்டோரிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் ஸ்டோர் சீல் வைத்த டெலிவரி சலான் நகல்களையும் இணைத்திருக்கிறோம். நசுங்கிய பெட்டி, எண்ணிக்கைக் குறைவு என்று ஏதாவது இருந்தால் வியாழக்கிழமைக்குள் எண்ணிக்கையோடு எழுதுங்கள். அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் கிரெடிட் நோட் போட்டுத் தருகிறோம். பத்துப் பெட்டிக்காக முழு பில்லையும் நிறுத்தி வைக்க வேண்டாம்.

இந்த இரண்டு பில்லுக்குமான ஜிஎஸ்டி ₹17,640-ஐ நாங்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் கட்டிவிட்டோம். உங்களிடமிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அதைக் கட்டியே ஆக வேண்டும். கிராஃப்ட் காகிதக் கடனும் 15 நாள்தான்.

உங்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. நாங்கள் உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளர். வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவின்படி, கெடு தாண்டிய இந்தத் தொகையை மார்ச் 31-க்குள் கொடுத்தால்தான் இந்த ஆண்டுச் செலவில் காட்டலாம். இல்லையென்றால் ஜிஎஸ்டி போக ₹1,47,000 உங்கள் லாபத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எம்எஸ்எம்இடி சட்டப்படி தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதாவது இன்றைய நிலவரத்தில் ஆண்டுக்கு 20.25 சதவீதம், மாதாமாதம் கூட்டு வட்டி கேட்க இடம் உண்டு. கீழே சொல்லும் தேதிகளில் பணம் வந்தால் அந்த வட்டியைக் கேட்கப் போவதில்லை.

ஒரே தடவையில் முடியாவிட்டால் பில் 212-ஐ பிப்ரவரி 10-க்குள்ளும் பில் 239-ஐ பிப்ரவரி 24-க்குள்ளும் அனுப்புங்கள். வேறு தேதிதான் தோதுப்படும் என்றால் அதை இந்த வாரமே எழுத்தில் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். "பார்க்கலாம்" என்ற பதிலை வைத்து எங்களால் காகிதம் வாங்க முடியாது.

மார்ச் ஷிப்மென்டுக்கு நீங்கள் கேட்ட 3,000 பெட்டிகளுக்கு மெஷினில் நாள் ஒதுக்கி வைத்திருக்கிறோம். முதல் தொகை வரவானதும் வெட்டு வேலையைத் தொடங்குவோம். பிப்ரவரி 10 வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பிட்டு, யுடிஆர் எண்ணை இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். எங்கள் வங்கிக் கணக்கு பில்லில் அச்சிட்டிருக்கும் அதே கணக்குதான். கணக்கு மாறிவிட்டதாக வேறு மெயில் வந்தால், பணம் போடுவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு

இணைப்பு: பில் 212, 239, டெலிவரி சலான் 2, உத்யம் சான்றிதழ் நகல்