600 சதுர அடிக்கு எத்தனை பெட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர்ப் பணத்தில் கட்டும் சமுதாயக் கூடங்கள் பற்றிப் பேசும்போது அஸ்திவாரமும் கூரையும் பேசப்படுகிற அளவுக்குத் தரை பேசப்படுவதில்லை. அது கடைசி வேலை. அதற்குள் தலைக்கட்டு வரியில் வசூலான பணம் முக்கால்வாசி கரைந்திருக்கும். கமிட்டியில் ஒருவர் கடைக்கு போன் போட்டு, "600 சதுர அடிக்கு டைல்ஸ் என்ன விலை?" என்று கேட்பார். கடைக்காரர் சதுர அடிக்கு ஒரு விலை சொல்வார். இன்னொரு கடையில் இரண்டு ரூபாய் குறைத்துச் சொன்னால் அங்கே முன்பணம் போய்விடும். மந்தையில் கணக்கு வாசிக்கிற நாளில்தான் சொன்ன தொகைக்கும் ஆன செலவுக்கும் இடைவெளி தெரியும்.

இந்த இடைவெளி பெரும்பாலும் கடைக்காரர் ஏமாற்றுவதால் வருவதில்லை, நாம் கேட்ட கேள்வியிலேயே வருகிறது. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க் கூடத்தின் அளவை வைத்தே கணக்கைச் சொல்கிறேன். பூச்சுக்குப் பூச்சு உள்ளளவு 30 அடிக்கு 20 அடி. கீழே கான்கிரீட் படுகை போட்டாகிவிட்டது. மேலே மட்டக்கலவை போட்டு, 'இரண்டுக்கு இரண்டு' விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

'இரண்டுக்கு இரண்டு' என்று கடையில் சொன்னாலும் அந்த டைல் இரண்டு அடி இருக்காது. பெட்டியில் 600 × 600 மில்லிமீட்டர் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு அடி என்பது 609.6 மில்லிமீட்டர். ஒரு டைலில் ஒன்பதரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் நாலு டைல் உள்ள ஒரு பெட்டி 16 சதுர அடி வராது, பதினைந்தரைதான் வரும். சதுர அடி விலையை 16 ஆல் பெருக்கிப் பெட்டி விலை போடும் கடைகள் உண்டு. அந்தக் கடையில் பெட்டிக்கு அரை சதுர அடி, நூற்றுக்கு மூன்று பங்கு, இல்லாத சரக்குக்குப் பணம் கொடுக்கிறோம். அதனால் பெட்டி விலை கேட்பதுதான் சரி.

அடுத்தது எண்ணிக்கை. கடைக்காரர் 600 உடன் ஐந்து சதவீதம் சேதாரம் சேர்த்து 630 ஆக்கி, 16 ஆல் வகுத்து 40 பெட்டி என்பார். காகிதத்தில் சரிதான். தரையில் போட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு மூலையிலிருந்து பதித்துக்கொண்டு போனால் நீளத்தில் 15 முழு டைலும், அதற்கப்புறம் நாலு அங்குல இடமும் வரும். அகலத்தில் 10 டைலும், இரண்டரை அங்குல இடமும் வரும். அந்த இரண்டு சுவர் ஓரத்திலும் ரிப்பன் மாதிரி மெல்லிய துண்டு வெட்டி வைக்க வேண்டும். வெட்டும்போதே பாதி உடையும். வைத்த பிறகும் பந்திக்கு மேசை இழுக்கையில் பெயரும். பார்வைக்கும் அசிங்கம்.

தெரிந்த மேஸ்திரி கூடத்தின் நடுவில் நூல் அடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவார். நீளத்தில் 14 முழு டைல், இரு கோடியிலும் பதினாலு அங்குலத் துண்டு. அகலத்தில் 9 முழு டைல், இரு ஓரமும் பதின்மூன்று அங்குலத் துண்டு. துண்டு பாதி டைலுக்கு மேல் இருப்பதால் ஒரு துண்டுக்கு ஒரு டைல் செலவாகும். ஆக 16 வரிசைக்கு 11 என்று 176 டைல், 44 பெட்டி. கடைக்காரரின் 40 பெட்டியில் 160 டைல்தான். 40 பெட்டியில் தரை முடியாது என்று சொல்லவில்லை, ரிப்பன் துண்டு வைத்தால் முடியும். சுவரடி ஸ்கர்டிங்குக்குத்தான் அப்போது டைல் பற்றாது.

நடுவிலிருந்து பதிக்கும்போது ஸ்கர்டிங்குக்குத் தனியாக டைல் வாங்க வேண்டியதில்லை. ஓர டைல்களில் வெட்டிக் கழித்தது போக சுமார் பத்து அங்குல மிச்சம் நிற்கும். மூலைகளை விட்டுவிட்டால் அப்படி 46 மிச்சத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கம்பெனி ஓரம் வெட்டுப்படாமல் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து நாலு அங்குலம் எடுத்து, கம்பெனி ஓரத்தை மேலே பார்க்க வைத்தால் அதுதான் ஸ்கர்டிங். இரண்டு வாசலைக் கழித்துச் சுவர்ச் சுற்றளவு 92 அடி. தேவை 47 துண்டு. ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. 44 உடன் இரண்டு பெட்டி கூட வாங்கினால் உடைசலுக்கும் ஆயிற்று, பிற்காலத்தில் ஒன்றிரண்டு மாற்றுவதற்கும் ஆயிற்று. மொத்தம் 46 பெட்டி.

இந்த இரண்டு பெட்டியை "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று விடக்கூடாது. நம் பக்கம் விற்கிற டைலில் பெரும்பகுதி குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் வருவது. அடுத்த லோடு வேறு சூளைத் தொகுதியாக இருக்கும். பெயரும் நிறமும் ஒன்றாக இருந்தாலும் பேட்ச் எண், ஷேடு எண் மாறியிருந்தால் பக்கத்தில் வைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும். சில சமயம் அளவே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டு இடைவெளி நேராக ஓடாது.

கணக்கை நாமே முடித்துக்கொண்டால் கடைக்கு எழுதுகிற கடிதம் கீழே உள்ளபடி அமையும். மூன்று கடைக்கும் எழுத்து மாறாமல் இதையே கொடுக்க வேண்டும். அப்போதுதான் வருகிற மூன்று விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

"ஐயா, எங்கள் ஊர் சமுதாயக் கூடத் தரைக்குக் கீழ்க்கண்ட பொருள்களுக்கு விலைப்புள்ளி தர வேண்டுகிறோம்.

விட்ரிஃபைடு டைல், 600 × 600 மி.மீ., மேட் ஃபினிஷ், முதல் தரம், 46 பெட்டி. பெட்டிக்கு எத்தனை டைல், என்ன கனம் என்று குறிப்பிடவும். 46 பெட்டியும் ஒரே பேட்ச், ஒரே ஷேடாக இருக்க வேண்டும்.

டைல் ஒட்டும் பசை, ஐ.எஸ். 15477 டைப் 2, 20 கிலோ மூட்டை 15.

இடைவெளி நிரப்பும் கிரவுட், டைல் நிறத்தில், ஒரு கிலோ பாக்கெட் 7. இரண்டு மி.மீ. ஸ்பேசர், 200 எண்ணம்.

சிமெண்ட், 50 கிலோ மூட்டை 17. எம்-சாண்ட், ஒரு யூனிட்.

ஒவ்வொன்றுக்கும் விலை, ஜி.எஸ்.டி., வண்டி வாடகை, இறக்குகூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதவும். சிமெண்டும் மணலும் முதல் நடையிலும், டைலும் பசையும் பத்து நாள் கழித்து நாங்கள் சொல்லும் தேதியிலும் கூடத்து வாசலில் இறக்க வேண்டும். இறக்கும்போது உடைந்திருக்கும் டைலுக்கு மாற்று, பிரிக்காத பெட்டியும் மூட்டையும் திரும்ப எடுக்கும் நிபந்தனை, இந்த விலை எத்தனை நாள் செல்லும், முன்பணம் எவ்வளவு ஆகியவற்றையும் தெரிவிக்கவும். ஜி.எஸ்.டி. பில் தர வேண்டும்."

இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

மேட் ஃபினிஷ் கேட்பது கூடம் பந்திக்கூடமும் ஆகிவிடுவதால்தான். சாம்பார் சிந்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவிய பளபளா டைலில் வயசாளிகள் நடக்க முடியாது.

பசை கேட்டதும், "எதுக்கு இந்தச் செலவு, சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டிவிடலாம்" என்று மேஸ்திரியே சொல்வார். பழைய செராமிக் டைலுக்கு அது செல்லும். அது தண்ணீரை இழுக்கும், சிமெண்டும் அதோடு உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். தொட்டியில் ராத்திரி பூராவும் ஊறப்போட்டாலும் பயனில்லை. சிமெண்ட் பால் காய்ந்ததும் விட்டுவிடும். காசால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். பசை வாங்கியும் நாலு மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று உருண்டை வைத்து ஒட்டினால் இதே கதைதான். உருண்டைக்கு நடுவில் வெற்றிடம் இருக்கும், சாதம் நிறைந்த அண்டாவை இறக்கி வைத்தால் மூலை தெறிக்கும். பல் வைத்த கரண்டியால் தரை முழுக்க இழுத்துப் பரப்பித்தான் ஒட்ட வேண்டும். முதலில் ஒட்டிய ஒரு டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் பசை அப்பியிருந்தால் வேலை சரி.

15 மூட்டை என்பது தரை மட்டமாக இருந்தால் செல்லும் கணக்கு. பல் கரண்டியில் இழுத்தால் ஒரு மூட்டை சுமார் 45 சதுர அடி போகும். தரைக்குப் பதினாலு, ஸ்கர்டிங்குக்கு ஒன்று. மட்டக்கலவை மேடு பள்ளமாக இருந்தால் மேஸ்திரி பசையைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்புவார், இருபது மூட்டையும் பற்றாது. அதனால்தான் சிமெண்டும் மணலும் முன்னால், டைல் பின்னால். ஒன்றரை அங்குலக் கனத்துக்கு ஒன்றுக்கு நாலு கலவை போட்டு, ஏழு நாள் தண்ணீர் காட்டி, ஆறடி மட்டக்கட்டையை எல்லாப் பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரியும் இடத்தைச் சரி செய்த பிறகே டைல் வண்டியை வரச் சொல்ல வேண்டும். இன்னொன்று, சுவரை ஒட்டி ஆறு மில்லிமீட்டர் விட்டுத்தான் டைல் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் தரை விரியும். இடமில்லாமல் சுவரில் முட்டினால் நடுவில் டைல் கூரை போலத் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியை ஸ்கர்டிங் மூடிக்கொள்ளும், கிரவுட் போட்டு அடைக்கக் கூடாது.

எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வந்து இறங்குவது உண்டு. ஒரு கைப்பிடியை நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளங்கையில் சாம்பல் குழம்பு ஒட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். அந்தத் தூசி கலந்த மட்டக்கலவை காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும், அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், மூன்று மாதத்துக்கு முந்தியது வேண்டாம். சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய எஸ்டிமேட்டைப் பார்த்து எழுதிய விலைப்புள்ளி வந்தால் அந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

வண்டி வாடகையைத் தனியே கேட்பதற்கும் காரணம் உண்டு. டைல் பெட்டி ஒன்று 30 கிலோவுக்குப் பக்கம் வரும். 46 பெட்டியும் பசை மூட்டையும் சேர்ந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். குட்டியானை ஒரே நடையில் தாங்காது. கடைக்காரர் ஒரு நடை வாடகை எழுதிவிட்டு, இறக்கும் அன்று இரண்டு நடைக்குக் கேட்பார். இறக்கியதும் பெட்டிகளைப் படுக்கையாக அடுக்காமல் விளிம்பில் நிற்க வைத்து, வண்டிக்காரர் கிளம்பும் முன் 46 பெட்டியிலும் பேட்ச் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பெட்டி மாறியிருந்தாலும் டெலிவரி சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. பிரித்துப் பதித்த பெட்டியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

இப்படிக்கு,
ஊர்க் கமிட்டி உறுப்பினர் ஒருவர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.