தடிமனுக்கு அக்காவின் மிச்ச மாத்திரை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். மழை தொடங்கியதிலிருந்து எல்லா வகுப்பிலும் இருமல் சத்தம்தான். மலையில் வருடா வருடம் நடப்பது இது. ஆனால் இந்தமுறை பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டிக்குள் பாதி வெட்டிய கெப்சூல் அட்டைகளும் வருகின்றன. "இன்டர்வெல்லில் குடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று கூடவே ஒரு துண்டு. வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக். அக்காவின் காதுவலிக்கு டொக்டர் கொடுத்ததில் மிஞ்சியது, இப்போது தம்பியின் தடிமனுக்கு வந்திருக்கிறது.

அமொக்சிசிலின் செய்வது ஒரே வேலை. பக்டீரியாவைச் சுற்றி ஒரு உறுதியான சுவர் இருக்கிறது. அது வளரும்போது அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். மருந்து அந்தக் கட்டும் வேலையைக் கெடுத்துவிடும். சுவர் பலவீனமாகி, உள்ளே தண்ணீர் புகுந்து, பக்டீரியா வெடித்துச் சாகும். நம் உடலின் கலங்களுக்கு அப்படிச் சுவர் இல்லாததால் அவற்றை மருந்து இப்படித் தாக்காது. தடிமனைத் தரும் வைரசுக்கும் அந்தச் சுவர் கிடையாது. அது மூக்கின் கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலத்தைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. மற்ற வகை அன்டிபயோட்டிக்குகள் தாக்கும் உறுப்புகளும் வைரசிடம் இல்லை. ஆக, ஒரு கெப்சூல் கொடுத்தாலும் பத்துக் கொடுத்தாலும் தடிமன் ஒரு நாள்கூட முன்னதாக விடாது.

"இல்லை சேர், கொடுத்தேன், மூன்று நாளில் காய்ச்சல் விட்டதே" என்று ஒரு தாய் சொன்னார். பொய்யில்லை. ஆனால் வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தானாகவே இறங்கும். மூக்கடைப்பும் இருமலும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். நாம் பயந்து மருந்தைத் தேடுவது இரண்டாம் மூன்றாம் நாளில். அடுத்த நாள் காய்ச்சல் விட்டதும் பெயர் கெப்சூலுக்குப் போகிறது. சளி பச்சையாகிவிட்டது என்பதும் பலர் சொல்லும் காரணம். கிருமியோடு போராட வரும் வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதியம் இருக்கிறது. அவை கூடும்போது சளி நிறம் மாறும். வைரஸ் தடிமனிலும் அப்படித்தான். நிறத்தை மட்டும் பார்த்து மருந்தை முடிவு செய்ய முடியாது.

சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லைதானே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தக் கெப்சூல் மூக்கோடு நிற்காது, குடலுக்கும் போகும். குடலில் கோடிக்கணக்கில் பக்டீரியாக்கள் சும்மா வாழ்கின்றன. ஒன்று இரண்டாகப் பிரியும்போது எப்போதாவது மரபணுவின் பிரதியில் பிழை விழும். அப்படிப்பட்ட ஒரு பிழையாலோ, வேறு பக்டீரியாவிடம் வாங்கிய மரபணுவாலோ, சிலவற்றிடம் அமொக்சிசிலினை உடைக்கும் நொதியம் ஏற்கெனவே இருக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாகின்றன, இவை தப்புகின்றன. இடமும் உணவும் இவற்றுக்கே. நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியவை இவை. நான்கு மணித்தியாலத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். குடலுக்குள் அவ்வளவு வேகம் இல்லை, ஆனாலும் கூட்டம் மாறிவிடும். பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரன் விடையைப் பார்த்து எழுதுவது போல, அந்த மரபணுவை ஒரு பக்டீரியா பக்கத்தில் இருப்பதற்கும் கொடுத்துவிடும், அது வேறு இனமாக இருந்தாலும் சரி.

ஆகவே மருந்துக்குப் பழகிப்போவது பிள்ளையின் உடம்பு அல்ல, பக்டீரியா. தம்பியின் தடிமன் போய்விடும். தப்பிய கூட்டம் சில மாதங்கள்கூடக் குடலில் இருக்கலாம். கழுவாத கை, பொது மலசலகூடம் வழியாக லயத்தில் அடுத்த வீட்டுக்கும் போகும். பிறகு அதே குடல் பக்டீரியா அக்காவுக்குச் சிறுநீர்த் தொற்றைக் கொடுத்தால், மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சலும் எரிவும் குறையாது. சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, வேறு மருந்து தேடி, சில வேளை வார்ட்டில் படுத்து ஊசி ஏற்ற வேண்டி வரும். மருந்தே குடிக்காத அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இது நடக்கலாம்.

வைத்தியரிடம் உடனே போக வேண்டியவையும் உண்டு. மூச்சு வேகமாக வாங்குவது, நெஞ்சு உள்ளே இழுப்பது, தண்ணீர்கூடக் குடிக்காதது, காதில் சீழ் வடிவது. இருமலே இல்லாமல் தொண்டை கடுமையாக வலித்துக் காய்ச்சலோடு கழுத்தில் கட்டி இருந்தால் அது பக்டீரியாவாக இருக்கலாம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் டெங்கு சந்தேகமும் இருக்கிறது, பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். அன்டிபயோட்டிக் தேவையென்றால் வைத்தியர் எழுதுவார், சொன்ன அளவில் சொன்ன நாள்வரை கொடுங்கள். அப்போது மிச்சமும் இருக்காது.

வீட்டில் ஒருவர் நின்றால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம், தவறும் பாடங்களை வகுப்பாசிரியர் எழுதித் தருவார். திங்கட்கிழமை முதல் பாடசாலையில் எந்த மருந்தும் வைத்தியர் எழுதிய துண்டின் பிரதியோடும், பிள்ளையின் பெயர் எழுதிய பொதியோடும் வந்தால் மட்டுமே கொடுக்கப்படும். மற்றவை பையில் வைத்துத் திருப்பி அனுப்பப்படும்.

இப்படிக்கு,
அதிபர்