ப்ளீச்சிங் பவுடர் மேல ஆசிட் ஊத்தற குறிப்பு பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வீட்டுக்குறிப்பு பக்கத்துல ஒரு வாசகி எழுதியிருந்தாங்க, டாய்லெட்ல மஞ்சக்கறை போகலைனா ராத்திரியே ப்ளீச்சிங் பவுடர் தூவி வச்சிட்டு காலையில அது மேல டாய்லெட் ஆசிட் ஊத்தித் தேச்சா பளிச்சுனு ஆயிடும்னு. அவங்க நல்ல எண்ணத்துல தான் எழுதியிருப்பாங்க, அதுல சந்தேகமே இல்லை. ஆனா இதையே செஞ்சு என் தங்கச்சி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஆஸ்பத்திரில ஆக்சிஜன் மாஸ்க்கோட படுத்திருந்தா, அதனால படிச்சதும் எனக்கு பதறிடுச்சு. நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில கெமிஸ்ட்ரி எடுத்தவன், எனக்குத் தெரிஞ்சத சொல்லாம விட்டா தப்பாயிடும்.

தங்கச்சி வீடு அம்மாபேட்டையில. மேட்டூர் தண்ணி குடிக்க சமைக்க மட்டும்தான், மத்ததுக்கெல்லாம் போர் தண்ணி. நம்ம ஊர்ல போர் தண்ணி எப்படினு உங்களுக்கே தெரியும், ரெண்டு மாசம் விட்டா பேசின்ல உப்பு கல்லு மாதிரி ஏறிக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு சொந்தக்காரங்க வராங்கனு காலையில பேசின் முழுக்க பவுடர் தூவி, ஒரு மணி நேரம் கழிச்சு தேச்சு ரெண்டு பக்கெட் தண்ணியும் ஊத்தியிருக்கா. கறை போகலை. மதியம் கடையில இருந்து ஆசிட் டாய்லெட் கிளீனர் வாங்கிட்டு வந்து விளிம்பைச் சுத்தி ஊத்திட்டு குத்தவச்சு தேய்க்க உக்காந்திருக்கா. அரை நிமிஷம் கூட ஆகலை, நீச்சல் குளத்து வாடை பத்து மடங்கா மூக்குல ஏறி, கண்ணு எரிஞ்சு, தொண்டையை யாரோ புடிச்ச மாதிரி ஆயிருக்கு. வெளிய ஓடி வந்தவ, கொஞ்சம் சரியானதும் தண்ணி ஊத்திட்டா வாடை போயிடும்னு மறுபடி உள்ள போயிருக்கா பாருங்க, அதுல தான் நிஜமான அடி.

"நான் ரெண்டையும் கலக்கவே இல்லையேண்ணா, தனித்தனியா தானே போட்டேன்"னு அவ ஆஸ்பத்திரில என்கிட்ட கேட்டா. எல்லாரும் இப்படித்தான் நினைக்கறாங்க. மக்குல ஊத்திக் கலக்கினா தான் கலப்படம்னு இல்லைங்க, பேசினுக்குள்ளயே கலந்துடும். ப்ளீச்சிங் பவுடர்ல சுண்ணாம்பு இருக்கு, அது தண்ணில முழுசா கரையாது. விளிம்புக்கு அடியிலயும், உப்புப் படிஞ்ச சொரசொரப்புலயும், கீழ தண்ணி நிக்கற வளைவுலயும் கட்டியா ஒட்டிக்கிட்டு கிடக்கும். ரெண்டு பக்கெட் தண்ணிக்கெல்லாம் அது போகாது. நாலு மணி நேரம் கழிச்சு ஆசிட் பட்டாலும், உள்ள இருக்கற குளோரின் வாயுவா கிளம்பிடும். நல்ல பவுடர்னா அதுல 30 சதவீதம் குளோரின் இருக்கும், அது இருக்கறதே அப்படி வெளிய வரத்தான்.

எவ்வளவு வரும்னு ஒரு கணக்கு சொல்றேன். குவிச்சு ஒரு ஸ்பூன் பவுடர் சுமார் 10 கிராம். போதுமான ஆசிட் பட்டா அதுல இருந்து 3 கிராம் குளோரின், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. தங்கச்சி வீட்டு கக்கூஸ் 4 அடிக்கு 3 அடி, உயரம் 8 அடி, மொத்தமா சுமார் 2,700 லிட்டர் காத்து. அப்போ பத்து லட்சம் பங்கு காத்துல 370 பங்கு குளோரின். எல்லாமே வெளிய வராது, கதவு தொறந்திருக்கும், தண்ணில கொஞ்சம் கரையும், சரி, பத்துல ஒரு பங்குனே வச்சுக்கோங்க, அப்பவும் 37. பத்து லட்சத்துல 10 பங்கு இருந்தாலே உடனே வெளியேறணும்கறது தொழிற்சாலை பாதுகாப்புல வச்சிருக்கற அளவு. இவ்வளவும் ஒரே ஒரு ஸ்பூனுக்கு, நாம தூவறது கை கையா. இதுல குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், கீழ தான் தேங்கும், குத்தவச்சு தேய்க்கறவங்க மூஞ்சி இருக்கற உயரமும் அதே தான்.

"நாங்க வருஷக்கணக்கா இப்படித்தான் பண்றோம் ஒண்ணும் ஆகலையே"னு சிலர் சொல்லுவாங்க. பவுடர் பாக்கெட்டை பிரிச்சு ஈரத்துல வச்சிருந்தா வீரியம் போயிடும், அந்தப் பழைய பவுடர் காப்பாத்தியிருக்கும். புது பாக்கெட் வாங்கற அன்னிக்கு அது காப்பாத்தாது.

அப்படி வாடை வந்துட்டா மூச்சை அடக்கிட்டு வெளிய வந்துடுங்க. வந்தவங்க திரும்ப உள்ள போகக்கூடாது, தண்ணி ஊத்தறதுக்கும் சரி, வேற எதையாவது போட்டு அடக்கலாம்னும் சரி. நல்ல காத்துல நிமிந்து உக்காரணும், கண் எரிஞ்சா கால் மணி நேரம் குழாய்த் தண்ணில கழுவணும். இருமல் நிக்கலை, மூச்சு இழுக்குது, நெஞ்சு இறுக்கமா இருக்குனா 108-க்கு போன் பண்ணி ப்ளீச்சும் ஆசிட்டும் கலந்ததுனு தெளிவா சொல்லுங்க. முதல்ல சரியான மாதிரி இருந்துட்டு சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கறது இதுல உண்டு, தங்கச்சியை ராத்திரி பூரா வச்சுப் பாத்தது அதுக்குத்தான். ஆஸ்துமா இருக்கறவங்க, சின்னப் பசங்கனா வீட்ல காத்திருக்கவே வேண்டாம்.

சரி, எதை வாங்கறது? பாட்டில் கலரைப் பாக்காதீங்க, ஒரே பிராண்ட் பேர்லயே ரெண்டு வகையும் வரலாம். பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குனு பாருங்க. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்னு இருந்தா அது ஆசிட் வகை, சோடியம் ஹைப்போகுளோரைட்னு இருந்தா ப்ளீச் வகை. இங்கிலீஷ் படிக்க வராதவங்க கடைக்காரர்கிட்டயோ ஸ்கூல் போற புள்ளைகிட்டயோ குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. நம்ம ஊர்ல வர்ற மஞ்சக்கறை பெரும்பாலும் உப்பும் இரும்பும் தான், அதை ப்ளீச் கரைக்கவே கரைக்காது, மேலாக வெளுத்துக் காட்டும், அவ்வளவு தான். கரைக்கறது ஆசிட் தான். அதனால உப்புத்தண்ணி வீட்டுக்கு ஆசிட் வகை ஒண்ணு போதும், ப்ளீச்சிங் பவுடரை கக்கூஸ் பக்கமே கொண்டு போகாதீங்க, தினசரிக்கு சோப்புத் தூளும் பிரஷ்ஷும் தாராளம்.

வாடை ஒத்துக்காதவங்களுக்கு சிட்ரிக் ஆசிட் நல்லது, மளிகைக் கடையில எலுமிச்சை உப்புனு கேட்டா தருவாங்க. பேசின்ல நிக்கற தண்ணியை பிரஷ்ஷால உள்ள தள்ளிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில 50 கிராம் கரைச்சு ஊத்தி, ராத்திரி விட்டு காலையில தேய்க்கணும். கெட்டியா ஏறின உப்புனா மூணு நாலு தடவை ஆகும், பொறுமை வேணும். ஆனா இதுவும் ஆசிட் தான், வினிகரும் அப்படியே, ப்ளீச் மேல பட்டா இதுலயும் குளோரின் வரும். லேபிள் இல்லாம பழைய பாட்டில்ல ஊத்தி விக்கற ஆசிட்டை தயவுசெஞ்சு வாங்காதீங்க, அது ரொம்ப வீரியமானது, சிமெண்ட் தரையையே பொங்க வச்சு அரிச்சிடும்.

தங்கச்சிக்கு இருமல் முழுசா போக ஒன்றரை மாசம் ஆச்சு. அந்தக் குறிப்பை வெட்டி ஒட்டி வச்சவங்க நிறைய பேர் இருப்பாங்க. அது தப்புனு, அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல அடுத்த இதழ்லயே போடுங்கனு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்