அம்மா காதில் ‘இப்போ’ மட்டும்தான் விழுந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணமே வேண்டாம் என்கிற மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். ‘பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறாள்’ என்று வருத்தப்பட்டிருந்தார். நானும் அப்படி எரிந்து விழுந்த மகள்தான். எனக்கு 41 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளப் போவதும் இல்லை. அந்த மகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

29 வயதிலிருந்து 35 வயது வரை நான் சொன்ன பதில், ‘இப்போ வேண்டாம்மா’. அம்மா காதில் ‘இப்போ’ மட்டும்தான் விழுந்தது. வேலை அதிகம் என்றேன். வேலை மாறிய மாதமே ஒரு வரன் வந்தது. வீட்டுக்கடன் இருக்கிறது என்றேன். கடனோடு கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். காரணம் சொன்னால் பெற்றவர்கள் அதை நீக்க வேண்டிய தடையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் மேல் தப்பு இல்லை. நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது நான்தான்.

ஒரு நாள் அம்மா மூட்டுவலியோடு பஸ் மாறி, எனக்காகத் திருமணஞ்சேரி போய்வந்தார். அங்கே தரும் மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் தம்பதியாகக் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். மாலையை மஞ்சள் பைக்குள் வைத்துப் பூஜை அலமாரியில் ஏற்றும்போது அம்மாவின் கை நடுங்கியது. இனிமேலும் இவரைக் காத்திருக்க வைப்பது பாவம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நாங்கள் மூவர் மட்டும் இருக்கும்போது உட்கார்ந்து பேசினேன். இதைப் போனிலோ, கல்யாண மண்டபத்திலோ பேசக்கூடாது. “நான் கட்டிக்கலைன்னா உங்களுக்கு எது பயமா இருக்கு?” என்று முதலில் கேட்டேன். அப்பா உடனே சொன்னார்: “நாங்க போனப்புறம் ஆஸ்பத்திரியில உனக்கு யார் கையெழுத்துப் போடுவா?” அம்மா வெகுநேரம் கழித்து, “பொண்ணுக்கு என்ன குறைன்னு உன் அத்தை கேட்கிறா” என்றார்.

இரண்டும் வேறு வேறு பயம். அப்பாவுக்குக் காகிதத்தில் பதில் சொல்ல முடிந்தது. மருத்துவக் காப்பீட்டைக் காட்டினேன். அவசரத்துக்கு வர ஒப்புக்கொண்ட சித்தி மகன், தோழி இருவரின் எண்களையும் எழுதிக் கொடுத்தேன். பிறகு உயில் எழுதினேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் நாம் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். எழுதாவிட்டால், இந்து வாரிசுச் சட்டப்படி கல்யாணமாகாத, பிள்ளையில்லாத பெண்ணின் சொத்து பெற்றோருக்கும், அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கும் போகும். வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடக்கூடாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், அதனாலேயே பணம் அவருடையதாகிவிடாது. வயதான பின் தனியாக இருப்பது சிரமமாக இருக்கலாம் என்பதையும் அப்பாவிடம் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன்.

அம்மாவின் பயத்துக்குக் காகிதம் இல்லை. ஊருக்குச் சொல்ல அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. “அவளுக்கு விருப்பமில்லை, நாங்க கட்டாயப்படுத்தலைன்னு சொல்லுங்கம்மா, பழி என் மேல வரட்டும்” என்றேன். அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “என் நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு தெரியும். இது நான் யோசிச்சு எடுத்த முடிவு, மாறாது. தரகர்கிட்ட இருக்கிற என் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிடுங்க. என்னைக் கேக்காம யாரையும் வரச் சொல்லாதீங்க.” அம்மா அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு நாளில் முடிகிற விஷயம் இல்லை இது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பேச்சு திரும்ப வந்தது. அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன், புதுக் காரணம் எதையும் சேர்க்கவில்லை. ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடும்பத்தை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்கள். வந்தவர்களை வரவேற்றுக் காபி கொடுத்துவிட்டு, எனக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று நானே அவர்களிடம் பணிவாகச் சொன்னேன். அதன் பிறகு யாரும் வரவில்லை.

அந்த மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு கோபம் வந்தாலும், ‘நீங்க கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டீங்க’ என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடாதே. 33 வயதில் நான் கேட்டேன். நான்கு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. இன்று நினைத்தாலும் வலிக்கிறது.

ஜாதகம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. காய்ந்துபோன மாலை இன்னும் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போது அம்மா அந்த மஞ்சள் பையை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கிறார். அதை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்