'2020 – 2023' என்று எழுதியவரைப் பற்றி, ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். 11 வருடமாக விண்ணப்பங்களைப் படித்து, நேர்முகத் தேர்வுகளில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழு எடுத்த முடிவு இன்னும் என் மனதை அறுக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, உங்களிடம் மூன்று விஷயங்கள் கேட்கத்தான் இந்த மடல்.

அந்த வேலைக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும், ஒரு குழுவை நடத்திய பழக்கம் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தோம். வந்த விண்ணப்பங்களில் மூன்றைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

முதலாமவர் தன் முந்தைய வேலையை '2020 – 2023' என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே 'குழுவை வழிநடத்தினேன்' என்றும் இருந்தது. அவர் சேர்ந்தது 2020 நவம்பரில், விலகியது 2023 பிப்ரவரியில். ஆக 28 மாதம். குழுவை வழிநடத்தியது என்பது, மேலாளர் ஆறு வாரம் விடுப்பில் போனபோது இரண்டு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாமவருக்கும் ஏறக்குறைய அதே அனுபவம்தான். ஆனால் அவர் மாதத்தோடு தேதி போட்டு, '2 வருடம் 4 மாதம்' என்று எழுதிவிட்டார். மூன்று வருடத்துக்குக் குறைந்தவர்களை முதல் சுற்றிலேயே தள்ளிவிடச் சொல்லியிருந்தோம். அவர் விண்ணப்பம் எங்கள் மேசைக்கே வரவில்லை.

மூன்றாமவர் முதுகலைப் பட்டம் பெற்றதாக எழுதியிருந்தார். அவருக்கு ஒரு தாள் பாக்கி இருந்தது. பின்னணி சரிபார்க்கும்போது பிடிபட்டார். அந்த வேலைக்கு முதுகலை தேவையே இல்லை. ஆனாலும் கோபத்தோடு அவரை நிராகரித்தோம், முதலாமவரை எடுத்தோம்.

ஏழெட்டு மாதத்தில் முதலாமவரிடம் எட்டுப் பேர் கொண்ட குழுவைக் கொடுத்தோம். அவரால் முடியவில்லை. கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. எட்டுப் பேரின் வேலையை வரிசைப்படுத்தி, தாமதத்தை முன்கூட்டியே சொல்லி, இருவருக்குள் வரும் சண்டையைத் தீர்த்து அவருக்குப் பழக்கமே இல்லை. நல்ல ஊழியர்கள் இருவர் விலகிப் போனார்கள். அவரும் உடைந்துபோய் ஒருநாள் என்னிடம், "எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் சார்" என்றார்.

சிறிய மிகைப்படுத்தலும் அப்பட்டமான பொய்யும் ஒன்றுதானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஒன்று இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வித்தியாசம் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை.

'கடுமையாக உழைப்பேன்', 'எல்லோரோடும் நன்றாகப் பழகுவேன்' என்று ஒருவர் எழுதினால் யாரும் ஏமாறுவதில்லை. எழுதுபவர் கொஞ்சம் கூட்டி எழுதுகிறார், படிப்பவர் அதே அளவு குறைத்துப் படிக்கிறார். அந்தக் கழிவு இரு பக்கத்துக்கும் தெரியும். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. '2020 – 2023' அப்படிப்பட்டது அல்ல. ஆண்டை மட்டும் போட்டால் அது இரண்டு வருடத்துக்குச் சற்று மேலாகவும் இருக்கலாம், முழுதாக நான்கு வருடமாகவும் இருக்கலாம். மூன்று என்று நாங்கள் படிப்போம் என்று தெரிந்தே மாதத்தை விட்டிருக்கிறார். அங்கே கழிவு எதுவும் இல்லை, நாங்கள் நம்பத்தான் நம்பினோம்.

அப்படியென்றால் அதுவும் பொய்யேதானா? இங்கேதான் ஒரு நூலிழை இருக்கிறது. முதலாமவரிடம் "எந்த மாதம் சேர்ந்தீர்கள்? குழுவில் எத்தனை பேர்? எத்தனை நாள்?" என்று கேட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் எங்கள் கவனக்குறைவின் மேல் சாய்ந்து நின்றார். மூன்றாமவரிடம் "பட்டம் வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டால், அவர் இன்னொரு பொய் சொல்லித்தான் ஆகவேண்டும். கேட்பவர் உண்மைக்குப் போகும் வழியையே பொய் அடைத்துவிடுகிறது. மிகைப்படுத்தல் கதவைச் சாத்துகிறது, பூட்டுவதில்லை. அந்த அளவுக்குப் பொய் கனமானதுதான்.

ஆனால் விளைந்த தீங்கை வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. மூன்றாமவரின் பொய்யால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. முதலாமவரின் உண்மைச் சொற்கள், மாதத்தோடு எழுதிய அந்தப் பெண்ணின் இடத்தை எடுத்துக்கொண்டன. நிறுவனம்தான் ஏமாந்தது என்று நாம் பேசுகிறோம், அதைவிட அதிகம் இழந்தவர் அவர். தான் எதை இழந்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

நம் சரிபார்ப்பு எதைப் பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பட்டம் உண்மையா, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர். பழைய நிறுவனத்தைக் கேட்டாலும் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்களே தவிர, நாம் மனதில் போட்ட கணக்கு சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. 'வழிநடத்தினேன்' என்பதை அளக்க அதில் வழியே கிடையாது. ஆக, வேலைக்குத் தொடர்பில்லாத பொய் சிக்குகிறது, வேலையையே பாதிக்கும் மிகைப்படுத்தல் தப்பிவிடுகிறது.

அப்புறம், ஒருமுறை எழுதிவிட்டால் திரும்ப வழியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர் சேர்க்கைத் தலைவராக இருந்த மேரிலீ ஜோன்ஸ் 2007இல் பதவி விலகினார். அதற்கு 28 வருடங்களுக்கு முன் அங்கே முதன்முதலில் விண்ணப்பித்தபோது தன்னிடம் இல்லாத பட்டங்களை எழுதியிருந்தார். நடுவில் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோதும், அதன் பிறகும் அதைத் திருத்தத் தனக்குத் துணிவு வரவில்லை என்று அவரே அறிக்கையில் ஒப்புக்கொண்டார். மாணவர்கள் விண்ணப்பத்துக்காகத் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசி நல்ல பெயர் எடுத்தவர் அவர். அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் திருத்த ஒரு வாசல் இருந்திருந்தால், அவர் அதன் வழியே நடந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சரி, நான் கேட்பது இவைதான். விண்ணப்பத்தில் மாதத்தையும் கேளுங்கள், 'வழிநடத்தினேன்' என்று வந்தால் எத்தனை பேரை, எவ்வளவு காலம், யாருக்கு வேலை கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருந்தது என்று கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. விளம்பரத்தில் 'மூன்று வருடம்' என்று போடும்போது, இரண்டேகால் வருடத்தில் அந்த வேலை வராதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வரும் என்றால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் உண்மையாக எழுதியவரை அதுதான் முதலில் வெளியே தள்ளுகிறது. மூன்றாவதாக, சரிபார்ப்பு தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு வாரம் கொடுங்கள். 'விண்ணப்பத்தில் திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம், அதற்காக மட்டும் உங்களை நிராகரிக்க மாட்டோம்' என்று எழுதி அனுப்புங்கள், அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். 'ஒரு தாள் பாக்கி இருக்கிறது' என்று மூன்றாமவர் எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன். முதலாமவர் தானாக எழுதியிருக்க மாட்டார், ஏனென்றால் தான் பொய் சொன்னதாகவே அவர் நினைக்கவில்லை. அவரிடம் நாம்தான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் சுற்றிலேயே தள்ளப்பட்ட அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை, குழு கலைந்த பிறகு பழைய கோப்பில் தேடி எடுத்துப் படித்தேன். 'ஆறு வாரம் மூன்று பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறேன், முழுப் பொறுப்பில் இருந்ததில்லை, கற்றுக்கொள்ள விருப்பம்' என்று எழுதியிருந்தார். அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். வேறு வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்றார்.

அன்புடன்,
உங்களைப் போலவே விண்ணப்பங்களைப் படிக்கும் ஒருவன்