a-ஆல் வகுப்பது பற்றி பிளஸ் ஒன் கணித ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். உங்களிடம் தொகையிடல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் அடுத்து என் வகுப்பில் உட்காருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் ஒரு பிழையைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். e^(3x)-ஐத் தொகையிடச் சொன்னால் e^(3x) + c என்று நிறுத்திவிடுகிறார்கள். 1/(5 − 2x) கொடுத்தால் log|5 − 2x| + c என்கிறார்கள். உள்ளே இருக்கும் x-இன் கெழுவால் வகுப்பது விட்டுப்போகிறது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூத்திரத்தைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் சரியாகவே சொல்கிறார்கள்:

∫ e^(ax+b) dx = (1/a) e^(ax+b) + c
∫ 1/(ax+b) dx = (1/a) log|ax+b| + c

அந்த 1/a எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். காரணம் தெரியாத ஒரு காரணி, தேர்வறை அவசரத்தில் முதலில் உதிர்ந்துபோகிறது. ஆகவே என் முதல் வேண்டுகோள், சூத்திரத்துக்கு முன்னால் அதன் காரணத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் என்பது.

காரணத்தை இரண்டு வழியில் காட்டலாம். சங்கிலி விதி வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். e^(3x)-ஐ வகையிட்டால் 3e^(3x) வருகிறது. நமக்கு வேண்டியது e^(3x) மட்டும். கூடுதலாக வந்து நிற்கும் அந்த 3-ஐ நீக்கத்தான் முன்கூட்டியே 3-ஆல் வகுக்கிறோம். பிரதியிடல் முறையில் இதே 3 வேறொரு இடத்தில் தலைகாட்டும்: u = 3x என்றால் du = 3 dx, அதனால் dx = du/3. மாணவர்கள் u-வைச் சரியாக எழுதிவிட்டு, dx இருந்த இடத்தில் பேசாமல் du-வை வைத்துவிடுகிறார்கள். என் கண்ணில் படும் விடைகளில் பிழை பிறக்கும் இடம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

இரண்டாவது வழி படம். y = e^u வளைவை u = 0 முதல் 3 வரை வரையுங்கள். அதன் கீழுள்ள பரப்பு e³ − 1, ஏறத்தாழ 19.09. இப்போது y = e^(3x) வளைவை x = 0 முதல் 1 வரை வரையுங்கள். 1-இல் தொடங்கி 20.09 வரை அதே உயரங்கள், அதே வரிசையில் வருகின்றன. ஆனால் முன்பு 3 அலகு அகலத்தில் விரிந்து கிடந்தவை இப்போது 1 அலகுக்குள் நெருக்கப்பட்டிருக்கின்றன. உயரம் மாறாமல் அகலம் மூன்றில் ஒரு பங்கானால் பரப்பும் மூன்றில் ஒரு பங்குதான்: 6.36. இதைக் கரும்பலகையில் ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு, ஏன் வகுக்கிறோம், ஏன் பெருக்கவில்லை என்ற குழப்பம் வராது. பிழையான விடையைப் பிடிக்கவும் அந்தப் படமே போதும். 0-க்கும் 1-க்கும் இடையில் வளைவின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், கோட்டின் கீழுள்ள பரப்பு (1 + 20.09)/2, அதாவது சுமார் 10.5. வளைவு அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. அப்படியிருக்க 19.09 எப்படி வரும்?

அடுத்தது, நாம் எழுதிக் காட்டும் வரிசை. பலகையில் எப்போதும் ax + b என்றே எழுதுகிறோம். எண் முதலில், x அதன் பின்னால். அதையே பார்த்துப் பழகிய மாணவர் 5 − 2x-ஐக் கண்டதும் முதலில் தெரியும் 5-ஐக் கெழு என்று எடுத்துக்கொண்டு 1/5 போடுகிறார். இன்னொருவர் 2-ஐச் சரியாகப் பிடிக்கிறார், ஆனால் குறையை விட்டுவிடுகிறார். சரியான விடை −½ log|5 − 2x| + c. பயிற்சிக் கணக்குகளில் பாதியையாவது b − ax வடிவில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாறியையும் சில நேரம் t என்றும் v என்றும் மாற்றுங்கள். ஏனென்றால் இயற்பியலில் இந்தத் தொகை பெரும்பாலும் அந்த உருவில்தான் வந்து நிற்கும்.

அப்படி ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். ஓய்விலிருந்து விழும் ஒரு பொருள். காற்றுத் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொள்கிறோம். சமன்பாடு dv/dt = 9.8 − 0.2v, வேகம் மீட்டர்/விநாடியில். மாறிகளைப் பிரித்தால்

∫ dv/(9.8 − 0.2v) = ∫ dt

இடப்பக்கம் v-இன் கெழு −0.2. அதனால் வகுத்தால் −5 கிடைக்கிறது: −5 log(9.8 − 0.2v) = t + c. t = 0-இல் v = 0 என்பதால் c = −5 log 9.8. சுருக்கினால்

v = 49(1 − e^(−0.2t))

முற்றுத் திசைவேகம் 49 மீ/வி. முதல் விநாடி முடிவில் வேகம் 8.88 மீ/வி. காற்றே இல்லாவிட்டால் அது 9.8-ஆக இருந்திருக்கும். தடை கொஞ்சம் குறைத்திருக்கிறது, சரி.

இப்போது கெழுவை முழுதாக மறந்த மாணவரின் விடை: log(9.8 − 0.2v) = t + c. அதிலிருந்து v = 49(1 − e^t). ஒரு விநாடியில் வேகம் −84 மீ/வி. கையிலிருந்து விட்ட பொருள் வானத்தை நோக்கிப் பறக்கிறது! இது உடனே கண்ணில் படும் பிழை. இதைவிட ஆபத்தானது குறையை மட்டும் நினைவில் வைத்து 0.2-ஐ மறந்த விடை. v = 49(1 − e^(−t)) என்று வரும். தொடக்கத்தில் வேகம் 0, சரி. கடைசியில் 49, அதுவும் சரி. வரைபடத்தின் உருவமும் அதேதான். திருத்துகிறவர் கண்ணையே ஏமாற்றிவிடும். ஆனால் t = 1 போட்டுப் பாருங்கள், 31 மீ/வி வருகிறது. காற்றில்லாத வெளியில் 9.8 மட்டுமே அடையக்கூடிய பொருள், காற்றுத் தடைக்கு நடுவில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வேகம் எடுத்துவிட்டது. தொடக்க முடுக்கத்தைப் பார்த்தாலும் தெரியும்: 9.8 வர வேண்டிய இடத்தில் 49 வருகிறது.

அலகுகளைக் கவனித்தால் எண்ணே போட வேண்டியதில்லை. வலப்பக்கம் t, அதன் அலகு விநாடி. log என்பது அலகில்லாத எண். வெறும் log ஒருபோதும் விநாடிக்குச் சமமாகாது. 0.2-இன் அலகு “ஒரு விநாடிக்கு” என்பதால் 1/0.2 = 5 விநாடி. நாம் மறந்துவிடும் அந்த எண்தான் சமன்பாட்டுக்குக் காலத்தின் அலகைக் கொண்டுவருகிறது. இயற்பியல் ஆசிரியரோடு சேர்ந்து இதை ஒருமுறை நடத்திப் பாருங்கள்.

அப்புறம், எதிர்ப்பக்கத்துப் பிழையும் ஒன்று இருக்கிறது. “உள்ளே இருப்பதை வகையிட்டு அதால் வகு” என்று விதியைப் பொதுவாகச் சொல்லிக்கொடுத்தால், மாணவர் ∫ e^(x²) dx-க்கு e^(x²)/(2x) என்று எழுதிவிடுகிறார். அதை வகையிட்டால் e^(x²) மட்டும் வருவதில்லை, கூடவே −e^(x²)/(2x²) என்று ஓர் உறுப்பும் வருகிறது. கெழு மாறிலியாக இருப்பதால்தான் அதைத் தொகைக் குறிக்கு வெளியே எடுக்க முடிகிறது. 2x மாறிலி அல்ல, வெளியே வராது. x e^(x²) என்றால் கதை வேறு, தேவையான x உள்ளேயே இருக்கிறது, விடை ½ e^(x²) + c. e^(x²)-க்கோ நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு எழுதக்கூடிய தொகையே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் லியூவில் வளர்த்தெடுத்த கோட்பாடு இதை நிறுவுகிறது. ஆகவே விதியைச் சொல்லும்போதே “உள்ளே இருப்பது ஒருபடிக் கோவையாக இருந்தால் மட்டும்” என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

விடைத்தாள் திருத்துவோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ∫ dx/(4x + 6)-க்கு ஒருவர் ¼ log|4x + 6| + c என்று எழுதுவார். இன்னொருவர் பகுதியில் 2-ஐப் பொதுக் காரணியாக எடுத்துவிட்டு ¼ log|2x + 3| + c என்பார். இரண்டும் சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ¼ log 2 என்ற மாறிலிதான், அது c-க்குள் அடங்கிவிடும். விடைக்குறிப்பில் ஒரு வடிவம் மட்டும் அச்சாகியிருந்தால் மற்றதை அடித்துவிடாதீர்கள். ஐயம் வந்தால் வகையிட்டுப் பாருங்கள், ஒரு வரியில் தெரிந்துவிடும்.

அந்த ஒரு வரியை மாணவரும் எழுதட்டும். வினாத்தாள் அமைப்போரிடம் என் கோரிக்கை இதுதான்: மூன்று மதிப்பெண் தொகையிடல் கணக்கு ஒன்றில், “உன் விடையை வகையிட்டுச் சரிபார்” என்ற பகுதியைச் சேர்த்து அதற்கென ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். −½ log|5 − 2x|-ஐ வகையிட்டால் −½ × (−2)/(5 − 2x), அதாவது 1/(5 − 2x). எழுத அரை நிமிடம் போதும். கெழுவை விட்ட மாணவருக்கு இந்த இடத்தில் −2/(5 − 2x) வந்து நிற்கும். தன் பிழையைத் தேர்வறையிலேயே தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். கூடவே, மேலே சொன்ன விழும் பொருள் கணக்கைப் போல ஒன்றைக் கொடுத்து, ஒரு விநாடியில் கிடைக்கும் வேகத்தை 9.8-உடன் ஒப்பிடச் சொல்லும் வினாவையும் பயிற்சித் தாள்களில் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்தும் ஓர் ஆசிரியர்